பாரம் ஏற்றிய காரில் டயர் விளக்கு எரிவது ஏன்? காற்றழுத்தத்தைச் சரியாக வைப்பது எப்படி?

அம்பாங் – பள்ளி விடுமுறையோ தீபாவளியோ வந்துவிட்டால் அம்பாங், பாண்டான் இண்டா வட்டாரத்திலிருந்து பேராக் பக்கம் போகும் கார்களைப் பார்த்தாலே தெரியும். பின்னிருக்கையில் மூன்று பேர், பின்பெட்டி நிறையப் பைகள், அதற்கு மேல் அரிசி மூட்டை, பலகாரத் தகரங்கள். ஊருக்குள் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்த அதே கார், ரவாங் தாண்டியதும் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகத் தொடங்குகிறது. தஞ்சோங் மாலிமை நெருங்கும்போது முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. குதிரை லாடத்தை நிமிர்த்தி வைத்து நடுவில் வியப்புக்குறி போட்டது போன்ற படம். டயரில் காற்று குறைந்திருக்கிறது என்பது அதன் பொருள்.

பலர் அந்த விளக்கைக் கண்டதும் பாரம் அதிகமானதால் காருக்குக் குழப்பம் என்று சொல்லிவிட்டுப் பயணத்தைத் தொடர்கிறார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விளக்கு எரிவதைவிட அது எரியாமல் இருப்பதே ஆபத்தான தருணங்களும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, முதலில் டயருக்கு எவ்வளவு காற்று என்பதை யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். சில கார்களில் எண்ணெய் மூடியின் உட்புறத்தில் இருக்கும். அந்தக் காருக்கு எந்த அளவு டயர், முன்சக்கரத்துக்கு எவ்வளவு காற்று, பின்சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். பல கார்களில் இரண்டு வரிசைகள் காணப்படும். ஒன்று இரண்டு மூன்று பேர் போகும்போது வைக்க வேண்டிய அளவு, மற்றொன்று ஆள்களும் சாமான்களும் நிறைந்திருக்கும்போது வைக்க வேண்டிய அளவு. அதிவேகத்துக்கென்று தனி அளவு தரும் கார்களும் உண்டு. ஒரே ஓர் எண்தான் இருக்கிறது என்றால், அந்தக் காருக்கு எல்லா நிலைக்கும் அதுவே அளவு.

டயரின் பக்கவாட்டில் புடைப்பாக எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். உங்கள் காருக்குப் பொருந்தும் அளவு அதுவல்ல. பட்டறையில் எல்லாக் காருக்கும் ஒரே அளவாக அடித்துவிடும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. காசு கொடுத்து டயர் மாற்றும் நாளில் அந்த ஒட்டுத்தாளைக் காட்டி, இந்த அளவுதான் வேண்டும் என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை.

பாரம் ஏறினால் டயருக்குள் என்ன நடக்கிறது?

பாரம் ஏற்றினால் டயரின் அழுத்தமும் தானாக ஏறிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது மிகச் சிறிதளவே ஏறுகிறது, அளவுகோலில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. பாரத்துக்கு ஈடுகொடுக்க டயர் வேறொன்றைச் செய்கிறது. தரையைத் தொடும் பகுதி இன்னும் தட்டையாகி, பக்கச் சுவர் இன்னும் வளைகிறது. மைவி காரில் காணப்படும் 185/55 ஆர் 15 டயரை எடுத்துக்கொண்டால், மணிக்கு 110 கிலோமீட்டரில் அது நொடிக்கு 16 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அதாவது பக்கச் சுவரின் ஒவ்வோர் இடமும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் தடவை வளைந்து நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சூடேறுவதைப் போலத்தான் இதுவும். வளைவு கூடினால் சூடு கூடும், வேகம் கூடினாலும் சூடு கூடும். இரண்டும் சேர்ந்து, காற்றும் குறைவாக இருந்தால், டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டைகளும் ரப்பரும் பிடிப்பை இழந்து பிரியத் தொடங்குகின்றன. வெளியே தோல் நன்றாக இருப்பதுபோல் தோன்றும் டயர் நெடுஞ்சாலையில் உரிந்து போவது இப்படித்தான்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2000ஆம் ஆண்டில் உலகமே பேசிய ஃபயர்ஸ்டோன் டயர் விவகாரத்தின் மையத்தில் இதே மூன்றும் இருந்தன. ஃபோர்ட் எக்ஸ்புளோரர் கார்களில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்கள், வெப்பமான இடங்களில், வேகமாக ஓடும்போது, மேல்தோல் உரிந்து கார்கள் கவிழ்ந்தன. அமெரிக்காவில் மட்டும் 271 பேர் இறந்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. 2000 ஆகஸ்டில், ஓட்டத்தில் இருந்ததாக மதிப்பிடப்பட்ட 65 இலட்சம் டயர்கள் அங்கே திரும்பப் பெறப்பட்டன. அதற்கு முன்பே சவூதி அரேபியாவிலும் நம் மலேசியாவிலும் தாய்லாந்திலும் ஃபோர்ட் அந்த டயர்களை மாற்றிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. வெப்ப நாடுகள்தான் முதலில் அடி வாங்கின.

அந்த வழக்கில் டயரின் வடிவமைப்புக் குறையும் உறுதியானது. ஆனால் காற்றழுத்தமும் பெரிய சண்டையாயிற்று. ஃபோர்ட் அந்தக் காருக்குப் பரிந்துரைத்த அளவு 26 பி.எஸ்.ஐ. ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. வெறும் நான்கு பி.எஸ்.ஐ. வேறுபாடு. ஆனால் 26 என்று தொடங்கும் டயரில் சில வாரங்களில் கொஞ்சம் காற்று கசிந்துவிட்டால், பாரத்தைத் தாங்க எஞ்சியிருக்கும் இடைவெளி மிகக் குறைவு. அந்த விவகாரத்தைத் தொடர்ந்து 2000 நவம்பரில் அமெரிக்காவில் வந்த சட்டம்தான் புதிய கார்களில் டயர் அழுத்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்க வழிசெய்தது. இன்று நம் காரில் எரியும் மஞ்சள் விளக்கின் வரலாறு அங்கிருந்து வருகிறது.

விளக்கு எதைப் பார்த்து எரிகிறது?

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் காற்றுவாயை ஒட்டி ஓர் உணர்கருவி இருக்கும். அது அழுத்தத்தை நேரடியாக அளந்து அனுப்பும். நான்கு டயருக்கும் தனித்தனி எண்ணைத் திரையில் காட்டும் கார் என்றால் இந்த வகைதான். இரண்டாவது வகையில் அழுத்தத்தை அளக்கும் கருவியே கிடையாது. பிரேக்குக்காக ஏற்கெனவே சக்கரங்களில் இருக்கும் வேக உணரிகளை வைத்துக் கார் ஊகிக்கிறது. காற்று குறைந்த டயர் சற்றே சிறுத்துவிடும், அதனால் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வேறுபாட்டைக் கண்டு விளக்கை எரிய வைக்கிறது.

இரண்டாவது வகையின் சிக்கல் இப்போது விளங்கும். பின்பெட்டியில் பாரம் ஏற்றினால் பின்டயர்கள் தட்டையாகி அவையும் சிறுத்துவிடும். காற்று குறைந்ததற்கும் பாரம் ஏறியதற்கும் உள்ள வேறுபாடு காருக்குத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் பாரம் கூடியிருந்தால் இன்னும் குழப்பம். வேகமாகப் போகும்போது இயங்கு சக்கரங்கள் சற்று வழுக்கிச் சுற்றுவதும் கணக்கைக் குலைக்கும். அதனால் பொய் எச்சரிக்கையும் வரலாம், உண்மையான குறைவு மறைந்தும் போகலாம். எனவே இந்த வகைக் காரில் விளக்கு எரிந்தால் அளவுகோல் வைத்துப் பார்க்காமல் பொய் என்று முடிவுசெய்யக் கூடாது.

முதல் வகை நம்பகமானது. ஆனால் அது ஒப்பிடும் எண் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்க விதிப்படி பரிந்துரைத்த அளவிலிருந்து 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐக்கிய நாட்டு விதியில் அது ஏறக்குறைய 20 விழுக்காடு. அதாவது கொஞ்சம் குறைந்தவுடன் எரிகிற விளக்கு அல்ல அது. நிறையக் குறைந்த பிறகே எரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காரின் ஒட்டுத்தாளில், இரண்டு பேருக்கு முன்டயர் 230, பின்டயர் 210 என்றும், முழுப் பாரத்துக்கு முன்டயர் 230, பின்டயர் 260 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் கிலோபாஸ்கல் கணக்கு, எண்ணெய் நிலையத் திரையில் kPa என்று காண்பீர்களே அதுதான். (இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். உங்கள் கார் எண் உங்கள் கதவில் இருக்கிறது.) அம்பாங்கில் தினசரி ஓட்டத்துக்காகப் பின்டயரில் 210 வைத்து, காரின் கணினியும் அதையே இயல்பு என்று பதிந்து வைத்திருக்கிறது. 20 விழுக்காட்டு விதி என்றால் 168க்குக் கீழே போனால்தான் விளக்கு எரியும்.

இப்போது ஐந்து பேரும் சாமான்களும் ஏறியாயிற்று. இந்தப் பாரத்துக்கு வேண்டியது 260. இருப்பது 210. ஐம்பது குறைவு, அதாவது ஏழு பி.எஸ்.ஐ.க்கு மேல். விளக்கு எரியாது, ஏனென்றால் காருக்குத் தெரிந்த இயல்பு 210தான். வழியில் ஆணி ஏறி மெதுவாகக் கசிந்தாலும் 168 வரை அது வாய் திறக்காது. அப்போது அந்த டயர் தன் பாரத்துக்கு வேண்டிய அளவில் 35 விழுக்காடு குறைவாக ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடியபின் டயருக்குள் இருக்கும் காற்று 25 டிகிரி வரை சூடேறுவது சாதாரணம். காலையில் 210 இருந்த டயர் அப்போது திரையில் சுமார் 235 காட்டும். பார்ப்பவருக்கு நல்ல எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒட்டுத்தாளில் உள்ள 260 என்பது குளிர்ந்த டயருக்கான அளவு. சூடான எண்ணை அதோடு ஒப்பிட முடியாது. காலையில் கார் எடுக்கும்போது விளக்கு எரிந்து, கொஞ்ச தூரம் போனதும் அணைந்துவிடுகிறது என்று சிலர் சொல்வதற்கும் காரணம் இதுவே. டயர் குணமாகவில்லை, சூடாகியிருக்கிறது. மறுநாள் காலை விளக்கு மறுபடியும் எரியும்.

காற்று அடிக்கும் முறை

குளிர்ந்த டயர் என்றால், கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் ஒரு பக்கம் வெயில் படும்படி நின்ற காரில் அந்தப் பக்க டயர்கள் சற்று அதிகமாகக் காட்டும். ஆகவே வெயில் ஏறுமுன் அளப்பது நல்லது.

எண்ணெய் நிலையம் வீட்டு வாசலில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் சிறிய அளவுகோல் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால், இப்படிச் செய்யலாம். காலையில் வீட்டிலேயே அளந்து பாருங்கள். பின்டயர் 210, வேண்டியது 260, பற்றாக்குறை 50 என்று குறித்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஆர். 2 நெரிசலில் ஊர்ந்து நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது அதே டயர் 222 காட்டலாம். அப்போது இயந்திரத்தில் 260 வைக்கக் கூடாது. 222உடன் 50 சேர்த்து 272 வைக்க வேண்டும். டயர் குளிர்ந்ததும் அது 260க்கு அருகில் வந்து நிற்கும். இயந்திரத் திரை psi காட்டுகிறதா, kPa காட்டுகிறதா, bar காட்டுகிறதா என்பதையும் முதலில் பாருங்கள். ஒரு பி.எஸ்.ஐ. ஏறக்குறைய 6.9 கிலோபாஸ்கல். ஒரு பார் 100 கிலோபாஸ்கல்.

ஓய்வுப் பகுதியில் நிற்கும்போது சூடான டயரில் 290 காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிடுவதுதான் நெடும்பயணத்தில் நடக்கும் மிக மோசமான செயல். 260 வைத்துக் கிளம்பிய டயர் சூடேறி 290 காட்டுவது இயல்பானது. அதைத் திறந்து 260க்குக் கொண்டுவந்தால், ஊர் போய்ச் சேர்ந்து மறுநாள் காலையில் அது 230 பக்கம் இருக்கும். திரும்பி வரும் பயணம் முழுவதும் பாரத்தோடு குறைந்த காற்றில் ஓடும்.

காற்றுவாய் மூடியில் திருகிக்கொள்ளும் உணர்கருவிகளைக் கடையில் வாங்கிப் பூட்டியிருப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அவற்றில் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் நாமே வைக்க வேண்டும். மேல் எல்லையை 280 என்று வைத்துவிட்டால், நெடுஞ்சாலையில் வேகமெடுத்த அரை மணியில் அது அலறத் தொடங்கும். டயரில் குறையொன்றும் இருக்காது. மேல் எல்லையைக் குளிர்ந்த அளவைவிட 25 முதல் 30 விழுக்காடு கூடுதலாக வைத்தால் இந்தத் தொல்லை இராது. கீழ் எல்லையை வைக்கும்போது அன்றைய பாரத்துக்கு உரிய அளவிலிருந்து கணக்கிடுங்கள். மேற்சொன்ன காரில் பாரத்தோடு போகும் நாளில் பின்டயரின் கீழ் எல்லை 208 பக்கம் இருக்க வேண்டும், 168 அல்ல.

காற்றை மாற்றினால் காருக்கும் சொல்ல வேண்டும்

அளவை மாற்றியபின் பலர் மறந்துவிடும் படி இது. காரின் கணினியில் பழைய எண் பதிந்திருக்கிறது. டொயோட்டா போன்ற நிறுவனங்களின் கையேடுகளிலேயே, பாரத்துக்காகவோ வேகத்துக்காகவோ காற்றழுத்தத்தை மாற்றினால் எச்சரிக்கை அமைப்பை மறுபதிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். சில கார்களில் அதற்கென SET என்றோ டயர் படம் போட்டோ ஒரு பொத்தான் இருக்கும், சிலவற்றில் திரைப் பட்டியலுக்குள் இருக்கும். சில ஐரோப்பியக் கார்களில் குறைந்த பாரம், முழுப் பாரம் என்று தேர்ந்தெடுக்கலாம். கார் நின்றிருக்க, குளிர்ந்த டயரில் சரியான அளவை வைத்து முடித்த பிறகே அதைச் செய்ய வேண்டும். ஊகித்துப் பார்க்கும் வகைக் கார் அதன்பின் சிறிது தூரம் ஓடித்தான் புதிய இயல்பைக் கற்றுக்கொள்ளும். ஆகவே பாரம் ஏற்றிய பிறகு, அந்தப் பாரத்துடனே, பதிவு செய்வது நல்லது.

இந்தப் பொத்தானைத் தவறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. விளக்கு எரிகிறது, காற்றை அளக்காமலேயே பொத்தானை அழுத்துகிறார்கள், விளக்கு அணைகிறது. காருக்கு அவர் சொல்லிக்கொடுத்தது, இந்தக் குறைந்த காற்றுதான் இனி இயல்பு என்பதே. அதிலிருந்து இன்னும் 20 விழுக்காடு குறையும்வரை அது மறுபடி எச்சரிக்காது. பயன்படுத்திய கார் வாங்கியவர்கள் முதல் வேலையாக நான்கு டயரையும் ஒட்டுத்தாள் அளவுக்கு வைத்து மறுபதிவு செய்துவிடுவது உத்தமம். முன்னால் வைத்திருந்தவர் எதைப் பதிந்தார் என்று யாருக்குத் தெரியும்?

ஓட்டத்தின் நடுவே விளக்கு எரிந்தால், அது எப்படி எரிகிறது என்று கவனியுங்கள். கார் எடுத்ததும் ஒரு நிமிடம் போல் சிமிட்டிவிட்டு அப்படியே நிலைத்தால், பல கார்களில் அது அமைப்பிலேயே கோளாறு என்பதைக் குறிக்கும். பெரும்பாலும் உணர்கருவியின் மின்கலம் தீர்ந்திருக்கும். சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் டயரில் காற்று குறைவு. திடீரென்று பிரேக் போடாமல் காலை மெல்ல எடுத்து இடப்பக்கத் தடத்துக்கு வாருங்கள். கார் ஒரு பக்கம் இழுக்கவில்லை, ஸ்டியரிங் கனக்கவில்லை, சத்தம் மாறவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து அடுத்த ஓய்வுப் பகுதி வரை போய் அளந்து பார்க்கலாம். இழுத்தால் போகக் கூடாது. அவசரத் தடத்தில் நிற்க நேர்ந்தால் காரில் இருப்போரை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வைத்த பிறகுதான் மற்றது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள், கூரிய பொருள் குத்தித் திடீரென வெடிக்கும் டயரை இந்த விளக்கு முன்கூட்டிச் சொல்லாது.

தோட்டப்புறத்தில் பின்தட்டுள்ள நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் பெரிது. வெறுமையாகப் போகும்போதும் செம்பனைக் குலையோ உர மூட்டையோ ஏற்றிப் போகும்போதும் பின்டயருக்கு உள்ள இடைவெளி சாதாரணக் காரைவிட மிக அதிகம். பாரத்துக்காக ஏற்றிய காற்றோடு வெறும் வண்டியாக மழையில் தார்ச்சாலையில் ஓட்டினால் பின்பக்கம் துள்ளும், பிடிப்பும் குறையும். நடுத்தோல் சீக்கிரம் தேயும். பாரத்தை இறக்கிவிட்டு நாளெல்லாம் வெறுமையாகவே ஓடப் போகிறது என்றால், டயர் குளிர்ந்த பிறகு மறுபடி குறைத்துவிட வேண்டும். கார்களுக்கும் அதுவேதான்: ஊரிலிருந்து திரும்பிச் சாமான்களை இறக்கியபின், மறுநாள் காலையில் 210க்குக் குறைத்து மறுபதிவு செய்யுங்கள்.

கடைசியாக, பின்பெட்டிக்கு அடியில் மூட்டைகளின் கீழே கிடக்கும் மாற்று டயர். அதையும் பாரம் ஏற்றுமுன்பே எடுத்து அளக்க வேண்டும், ஏற்றிய பிறகு யாரும் எடுப்பதில்லை. முழு அளவு டயராக இருந்தால் ஒட்டுத்தாளில் உள்ள மிக உயர்ந்த அளவுக்கு நிரப்பி வையுங்கள். தேவைப்பட்டால் குறைத்துக்கொள்ளலாம், நடுவழியில் கூட்ட முடியாது. மெலிந்த தற்காலிக டயராக இருந்தால் பெரும்பாலும் 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ. என்றும், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும் அதன் மேலேயே எழுதியிருக்கும். அதைப் பூட்டி ஓடும்வரை சக்கர வேகத்தை வைத்து ஊகிக்கும் விளக்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அந்தச் சக்கரத்தின் அளவே வேறு.